தீபாவளிக்கான வீடியோவை எப்போது போடுவது? போன வருடம் நன்றாக ஓடியும் நஷ்டம்

பெட்டிக்காரி
நானும் தங்கையும் கையால் பரிசுப் பெட்டி செய்து விற்கிறோம். தடித்த அட்டையில் காகிதம் ஒட்டி, மூடியில் பெயர் அச்சிட்டுக் கொடுப்போம். ஒரு நாளைக்கு 12 பெட்டி, அதற்கு மேல் எங்களால் முடியாது. விளம்பரத்துக்குச் செலவு செய்வதில்லை, யூடியூப் சானல்தான் எங்களுக்கு எல்லாம்.

போன வருடம் தீபாவளி அக்டோபர் 20. அக்டோபர் 12 அன்று வீடியோ போட்டேன். ஒரே வாரத்தில் 11,000 பேர் பார்த்தார்கள், எங்களுக்கு அது பெரிய எண்ணிக்கை. 60 ஆர்டர் வந்தது. அதில் 20 பேருக்குத்தான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி 40 பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதில் ஒருவர் எழுதிய கமெண்ட் இன்னும் வீடியோவுக்குக் கீழே இருக்கிறது.

இந்த வருடம் நவம்பர் 8. இப்போது ஜூலைதான் ஆகிறது. எட்டு நாளுக்குப் பதிலாகப் பதினைந்து நாள் முன்னால் போட்டால் போதுமா?

ட்ரெண்ட் தம்பி
அக்கா, பதினைந்து நாள் எல்லாம் போதாது. மூன்று மாதம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். வீடியோ சர்ச்சில் மேலே வர யூடியூபுக்கு நேரம் வேண்டும். நான் எல்லா வீடியோவையும் 90 நாள் முன்னால் போடுகிறேன். ஆகஸ்ட் முதல் வாரமே போட்டுவிடுங்கள்.

கிடார் வகுப்பு
இதே சந்தேகம் எனக்கும். பண்டிகை நாளில் ஊருக்குப் போய்விடுவேன். வீடியோவை முன்னாலேயே ஏற்றி, அந்த நாளில் தானாக வெளியாகும்படி வைக்க முடியுமா? ஏதாவது சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

வெட்டிஒட்டி
கிடார் சார், அது வேறு கேள்வி. சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். ஏற்றும்போது கடைசிப் பக்கத்தில் `Schedule` என்று இருக்கும், நாளும் நேரமும் கொடுத்தால் போதும். அதுவரை அது பிரைவேட்டாக இருக்கும். அதில் ஒரு உபரி நன்மையும் உண்டு. பண்டிகைக்கென்று பாட்டு ஏதாவது பின்னால் ஓடவிட்டிருந்தால், காப்பிரைட் பிடிக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். வெளியிடும் நாள் காலையில் தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

பெட்டிக்காரி அக்கா, நான் சிறு கடைகளுக்கு வீடியோ வெட்டிக் கொடுக்கிறவன். உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். நவம்பர் 8 உங்களுடைய தேதியே இல்லை. நீங்கள் கடைசியாகப் பார்சலைக் கொடுக்கக்கூடிய நாள் எதுவோ அதுதான் உங்கள் தேதி. நான்கு விஷயம் சொல்லுங்கள். கூரியர் சாதாரணமாக எத்தனை நாள், போன வருடம் நெரிசலில் எத்தனை நாள், வாங்குகிறவர்களுக்குப் பெட்டி பண்டிகைக்கு எத்தனை நாள் முன்னால் கையில் வேண்டும், இந்த வருடம் எத்தனை பெட்டி விற்க ஆசை?

பெட்டிக்காரி
சாதாரணமாக 4 நாள். போன வருடம் 8 நாள் வரை இழுத்தது. பெட்டிக்குள் பொருளை வைத்து அவர்கள் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டுமே, அதனால் ஒரு 5 நாளாவது முன்னால் கையில் இருக்க வேண்டும். 200 பெட்டி விற்றால் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மாட்டோம்.

வெட்டிஒட்டி
சரி, பின்னாலிருந்து எண்ணுவோம்.

நவம்பர் 8-இலிருந்து 5 நாள் கழித்தால் நவம்பர் 3. அன்று பெட்டி அவர்கள் கையில் இருக்க வேண்டும். நெரிசல் கணக்குப்படி கூரியருக்கு 8 நாள், ஆக அக்டோபர் 26 திங்கட்கிழமை கடைசிப் பார்சல். 200 பெட்டியை 12-ஆல் வகுத்தால் 17 வேலை நாள். அக்டோபர் 24 சனிக்கிழமை கடைசிப் பெட்டியை முடிக்க வேண்டுமென்றால், ஞாயிறுகளை விட்டுப் பின்னோக்கிப் போனால் அக்டோபர் 6-இல் வந்து நிற்கும். பெயர் அச்சிடுவதால் முன்கூட்டியே செய்து அடுக்கி வைக்கவும் வழியில்லை. அதாவது அக்டோபர் முதல் வாரமே ஆர்டர் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும்.

இப்போது போன வருடத்தைப் பாருங்கள். நீங்கள் வீடியோ போட்ட அக்டோபர் 12 என்பது தீபாவளிக்கு 8 நாள் முன்னால். இதே கணக்கில் கடைசிப் பார்சல் 13 நாள் முன்னால் போயிருக்க வேண்டும். கதவை மூடி ஐந்து நாள் கழித்து விருந்தாளியைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட 15 நாள் கணக்கும் அதே கதைதான். அக்டோபர் 24-இல் போட்டால் பெட்டி செய்ய ஒரு நாள்கூட மிச்சமில்லை. இருபது பேருக்காவது போய்ச் சேர்ந்தது உங்கள் அதிர்ஷ்டம்.

பெட்டிக்காரி
படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்படியென்றால் தம்பி சொன்ன மாதிரி ஆகஸ்ட் முதல் வாரமா?

வெட்டிஒட்டி
தம்பி சொன்னதில் பாதி சரி. தேடிக் கண்டுபிடிக்கப்படுகிற வீடியோவுக்குக் கொஞ்சம் முன்னோட்டம் வேண்டும், உண்மைதான். ஆனால் எத்தனை நாள் என்பதை 90 என்று எல்லாருக்கும் ஒரே அளவாக வைக்க முடியாது. ஆகஸ்டில் யாருக்கும் பெட்டியின் நினைப்பே இருக்காது. உங்கள் சந்தாதாரர்களே படத்தைப் பார்த்துவிட்டுக் கடந்து போவார்கள். வாங்குகிற மனநிலை வரும்போது அந்த வீடியோ அவர்களுக்குப் பழசு.

எப்போது தேட ஆரம்பிக்கிறார்கள் என்பதை உங்கள் சானலே சொல்லும். பழைய வீடியோ ஏதாவது உண்டா, பெட்டி மடிப்பது, ஒட்டுவது மாதிரி?

பெட்டிக்காரி
இருக்கிறது. "பரிசுப் பெட்டி வீட்டிலேயே செய்வது எப்படி" என்று 2024 தொடக்கத்தில் போட்டது. தினம் ஏழெட்டுப் பேர் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

வெட்டிஒட்டி
தங்கம் அது. ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் அனலிடிக்ஸைத் திறந்து, பார்வை எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் யூடியூப் தேடலை மட்டும் தேர்ந்தெடுங்கள். காலத்தை 2025 ஆகஸ்ட் முதல் அக்டோபர் கடைசி வரை வையுங்கள். கோடு எந்த நாளில் தரையை விட்டு எழுகிறது என்று பாருங்கள். உச்சி எங்கே என்று பார்க்க வேண்டாம். எல்லாரும் உச்சியைத்தான் பார்க்கிறார்கள், அங்கேதான் தப்பு.

பெட்டிக்காரி
பார்த்தேன். செப்டம்பர் 8 வாக்கில் ஏழு எட்டாக இருந்தது பதினைந்து ஆகிறது, அப்புறம் ஏறிக்கொண்டே போகிறது. உச்சி அக்டோபர் 15. எனக்கு இது தெரியவே தெரியாது. அப்படியானால் இந்த வருடமும் செப்டம்பர் 8-க்கு முன்னால் போட்டால் சரியா?

மெழுகுவத்தி
அங்கேதான் நான் ஒரு வருடம் மாட்டினேன். தேதியை அப்படியே எடுக்காதீர்கள். போன வருடம் தீபாவளி அக்டோபர் 20, இந்த வருடம் நவம்பர் 8. 19 நாள் தள்ளிப் போயிருக்கிறது. செப்டம்பர் 8 என்று எழுதி வைக்காமல் "பண்டிகைக்கு 42 நாள் முன்னால்" என்று எழுதி வையுங்கள். இந்த வருடம் அந்த 42-ஆவது நாள் செப்டம்பர் 27.

நான் மெழுகுவத்தி விற்கிறேன். எனக்கு மூன்று பண்டிகை. கிறிஸ்துமஸ் நகராது, அதனால் போன வருடக் கோட்டை இந்த வருடக் கோட்டின் மேல் வைத்துப் பார்க்கலாம். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவு வரை ஊஞ்சலாடும். ரம்ஜான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும், திரும்பிப் போகாது. மூன்றையும் ஒரே காலண்டரில் தேதியாக எழுதியவள் நான். ரம்ஜான் வீடியோவைப் பதினோரு நாள் தாமதமாகப் போட்டுவிட்டு, ஏன் ஓடவில்லை என்று தம்ப்நெயிலை மாற்றிக்கொண்டிருந்தேன்.

வெட்டிஒட்டி
மெழுகுவத்தி அக்கா சொன்னதை ஒரு ஷீட்டில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. B1-இல் பண்டிகைத் தேதி. A பத்தியில் 2-ஆவது வரிசையிலிருந்து எத்தனை நாள் முன்னால் என்ற எண். B2-இல் இதை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்.

```
=$B$1-A2
```

அடுத்த வருடம் B1-ஐ மட்டும் மாற்றினால் எல்லாம் நகர்ந்துவிடும்.

உங்களுக்கு நான் போடும் எண்கள்: தேடல் எழுவது 42. அதற்கு இரண்டு வாரம் முன்னால் வீடியோ வெளியே இருக்கட்டும், 56. அது செப்டம்பர் 13, ஞாயிறு. ஏன் இரண்டு வாரம் என்றால், தலைப்போ தம்ப்நெயிலோ எடுபடவில்லையென்றால் மாற்றிப் பார்க்க அந்த அவகாசம் வேண்டும். `Test & compare` என்று மூன்று தம்ப்நெயில் வரை போட்டுப் பார்க்கும் வசதியே முடிவு சொல்ல இரண்டு வாரம் வரை எடுத்துக்கொள்ளும். சிறு சானலில் பார்வை குறைவு என்பதால் பல நேரம் முடிவே சொல்லாது, அது வேறு.

படம்பிடிப்பு ஆகஸ்ட் கடைசி இரண்டு வாரம். மாதிரிப் பெட்டி ஆகஸ்ட் நடுவில் தயாராக வேண்டும். அப்படியென்றால் இந்த வருடத்துக் காகிதத்தை எப்போது வாங்க வேண்டும்?

பெட்டிக்காரி
இப்போதே! காகிதம் சொல்லி வைத்தால் வர மூன்று வாரம் ஆகும். ஜூலையில் கேள்வி கேட்கிறேனே, சீக்கிரம் வந்துவிட்டோமோ என்று வெட்கமாக இருந்தது.

ட்ரெண்ட் தம்பி
என் 90 நாளைக் கிண்டல் செய்துவிட்டு நீங்களும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறீர்கள்.

வெட்டிஒட்டி
நிற்கிறோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 90 நாள் முன்னால் காகிதம் வாங்குவது வேறு, வீடியோவை வெளியிடுவது வேறு தம்பி. நீங்கள் என்ன விற்கிறீர்கள்?

ட்ரெண்ட் தம்பி
மொபைல் வால்பேப்பர். டவுன்லோட்தான்.

வெட்டிஒட்டி
அப்போ உங்களுக்குக் கூரியரே இல்லை! பண்டிகைக்கு முதல் நாள் இரவு வரை உங்கள் கதவு திறந்திருக்கும். உங்கள் வீடியோவுக்குத்தான் உச்சி முக்கியம். அக்கா கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, உங்கள் கணக்கு அக்காவுக்கும் பொருந்தாது.

கணக்கு டியூஷன்
ஒரு மாதிரி எனக்கும் இதில் பதில் இருக்கிறது, ஆனால் பிடிபடவில்லை. பத்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். பொதுத்தேர்வுக்கு முந்தைய நாள் "இரண்டு மணி நேரத்தில் முழுப் பாடம்" என்று ஒன்று போட்டேன். சானலிலேயே அதிகம் ஓடியது அதுதான். அதைப் பார்த்து டியூஷனில் சேர்ந்தவர் எத்தனை பேர் தெரியுமா? பூஜ்யம். தேர்வு எழுதி முடித்தவன் எதற்கு டியூஷன் சேருவான் என்று என் மனைவிதான் கேட்டாள். இதைத் தேர்வுக்கு எத்தனை நாள் முன்னால் போட வேண்டும்?

மெழுகுவத்தி
உங்கள் மனைவிக்கே பதில் தெரிந்திருக்கிறது சார்.

வெட்டிஒட்டி
சார், உங்களுக்குப் பார்க்கிறவர் ஒருவர், பணம் கட்டுகிறவர் இன்னொருவர். மாணவன் முதல் நாள் இரவு பார்க்கிறான். பெற்றோர் முடிவெடுப்பது எந்த நாளில்? இப்போது உங்களிடம் படிக்கிறவர்கள் எந்த மாதம் சேர்ந்தார்கள் என்று உங்கள் ஃபீஸ் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். யூடியூப் அனலிடிக்ஸில் அது இருக்காது.

கணக்கு டியூஷன்
புரட்டினேன். 31 பேரில் 14 பேர் வருடத் தொடக்கத்தில் சேர்ந்தவர்கள். 12 பேர் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கையில் வந்த பத்து நாளுக்குள் சேர்ந்திருக்கிறார்கள். மீதி ஐந்து பேர் இங்கும் அங்கும். இரண்டு வருடமாக இந்த நோட்டு மேஜையில்தான் இருக்கிறது.

வெட்டிஒட்டி
அப்போ உங்கள் பண்டிகை நாள் விடைத்தாள் கொடுக்கும் நாள். அன்று வீட்டில் என்ன நடக்கும்? அப்பாவோ அம்மாவோ விடைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "முக்கோணவியல் முழுப் பாடம்" என்று அவர்கள் தேடப் போவதில்லை. "வழி சரியாக எழுதியும் ஏன் மார்க் குறைந்தது", "கணிதத்தில் தோல்வி, மூன்று மாதத்தில் தேற முடியுமா" என்கிற மாதிரி ஏதாவது தேடுவார்கள். ஒரு விடைத்தாளை எடுத்து, பெயரை மறைத்துவிட்டு, மார்க் எங்கெங்கே கசிந்தது என்று பேனாவால் தொட்டுக் காட்டி எட்டு நிமிடம் பேசுங்கள். அதை விடைத்தாள் வருவதற்கு மூன்று வாரம் முன்னால் வெளியே வைத்துவிடுங்கள்.

தேர்வு முந்தைய நாள் வீடியோவையும் விட வேண்டாம், பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது. ஆனால் அதிலிருந்து அட்மிஷனை எதிர்பார்க்காதீர்கள்.

கணக்கு டியூஷன்
ஒரே ஒரு சிக்கல். எங்களுக்குக் கால அட்டவணை தாமதமாகத்தான் வரும். மாதக்கணக்கில் முன்னால் எப்படித் திட்டம் போடுவது?

மெழுகுவத்தி
ஷீட்டில் B1 எதற்கு இருக்கிறது சார்? போன வருடத் தேதியைப் போட்டு வேலையைத் தொடங்குங்கள், அட்டவணை வந்ததும் மாற்றுங்கள். படம்பிடிப்பு எந்தத் தேதியாக இருந்தாலும் ஒன்றுதான், வெளியிடும் நாள்தானே நகரும். ஒன்று மட்டும் கவனம். நாலு வீடியோவைத் தேதி போட்டு ஏற்றி வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். தேர்வு தள்ளிப் போனால் ஷீட் நகரும், யூடியூபில் நீங்கள் குறித்த தேதி தானாக நகராது. தேர்வு தள்ளி வைக்கப்பட்ட பிறகு "நாளை தேர்வு" என்று உங்கள் வீடியோ வந்து நின்றால் சிரிப்பார்கள்.

வெட்டிஒட்டி
அதைவிட மோசம், வாயால் "நாளை" என்று சொல்லியிருப்பது. தலைப்பு, விவரம், தம்ப்நெயில் எல்லாவற்றையும் அப்புறம் மாற்றலாம். வெளியிட்ட வீடியோவின் கோப்பை மட்டும் அதே இணைப்பில் மாற்றிப் போட முடியாது. வேண்டாத துண்டை வெட்டி எடுக்கலாம், புதிய காட்சியைச் சேர்க்க முடியாது. அதனால் விலை, தேதி, "இந்த வருடம்", கடைசி ஆர்டர் நாள், இதெல்லாம் உங்கள் குரலில் வரக் கூடாது. விவரத்தின் முதல் வரியிலும் பின் செய்த கமெண்டிலும் எழுதுங்கள். பேசியே ஆக வேண்டுமென்றால் தனியாக ஒரு ஷார்ட்ஸ் எடுங்கள், அது போனால் போகட்டும்.

என்னிடம் ஒரு கடைக்காரர் வந்தார். நல்ல பத்து நிமிட வீடியோ, ஆறாவது நிமிடத்தில் ஒரு வாக்கியத்துக்கு நடுவில் விலையைச் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் அந்த விலைக்குக் கொடுக்க முடியவில்லை. விலையை மட்டும் வெட்டினால் வாய் அசைவு துள்ளுகிறது, வாக்கியத்தையே வெட்டினால் அடுத்தது புரியவில்லை. கடைசியில் புதிதாகவே எடுத்தார்.

பெட்டிக்காரி
ஐயோ, நான் போன வருடம் முதல் நிமிடத்திலேயே "இந்தத் தீபாவளிக்கு வெறும்..." என்று விலையோடுதான் ஆரம்பித்தேன்.

இன்னொரு கேள்வி. அக்டோபர் 26-க்குப் பிறகும் வீடியோ ஓடுமே, உச்சியே அப்போதுதானே வரும்? அப்போது வருகிறவர்களை என்ன செய்வது? பிரைவேட் ஆக்கிவிடவா?

வெட்டிஒட்டி
ஆக்காதீர்கள், அடுத்த வருடம் அதுவே உங்களுக்கு முதல். விவரத்தின் முதல் வரியை "இந்தத் தீபாவளிக்கான ஆர்டர் முடிந்தது" என்று மாற்றுங்கள், ஆர்டர் இணைப்பை எடுத்துவிடுங்கள். கூரியர் தேவைப்படாத ஏதாவது இருந்தால் அந்த இடத்தில் வையுங்கள். பெட்டியின் வெட்டு வரைபடத்தை அச்செடுக்கும் கோப்பாக விற்கலாமே? "கடைசி நேரத்தில் வீட்டிலேயே பரிசுப் பெட்டி" என்று ஒரு சின்ன வீடியோவை ஆகஸ்டிலேயே சேர்த்து எடுத்து, அக்டோபர் 27-க்கு ஷெட்யூல் செய்துவிடுங்கள். அந்த வாரம் பசை காயாத கையோடு உங்களால் எதுவும் எடுக்க முடியாது.

ட்ரெண்ட் தம்பி
ஒரு சந்தேகம். போன வருடம் ஓடிய வீடியோவையே தலைப்பை 2026 என்று மாற்றி ஓட்டலாமே? புதிதாக எதற்கு?

மெழுகுவத்தி
நான் அப்படித்தான் செய்கிறேன், கிறிஸ்துமஸுக்கு மூன்றாவது வருடமாக ஒரே வீடியோ. ஒவ்வொரு நவம்பரிலும் தானாக எழுகிறது. தொடவே மாட்டேன்.

வெட்டிஒட்டி
எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேடலில் எழும், சரி. ஆனால் உங்கள் பழைய வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டதை முகப்பில் மறுபடி கிளிக் செய்ய மாட்டார்கள். எனக்கு வருகிற கடைகளில் புதிது போட்டவர்களுக்குத்தான் ஆர்டர் கூடியது.

மெழுகுவத்தி
உங்களிடம் வருகிறவர்கள் புதிது எடுக்கத்தானே வருகிறார்கள். அப்படியே விட்டவர்கள் உங்களிடம் வர மாட்டார்களே!

வெட்டிஒட்டி
அதுவும் சரிதான். அக்காவின் பழைய வீடியோவில் விலை பேச்சு இருப்பதால் இந்த முறை புதிது எடுத்தே ஆக வேண்டும். பொதுவாக எது நல்லது என்பதை இங்கே முடிக்க முடியாது.

கணக்கு டியூஷன்
பழைய விடைத்தாள் ஒன்றைப் பெற்றோரிடம் அனுமதி கேட்டு வாங்கிவிட்டேன். 43 மார்க். அதில் 9 மார்க் அலகு எழுதாததால் மட்டும் போயிருக்கிறது. மறைத்த பெயரை மீறிக் கையெழுத்தை வகுப்பில் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பையன் சொல்கிறான். கேள்வியையும் விடையையும் நானே திரும்ப எழுதிக் காட்டப் போகிறேன்.

பெட்டிக்காரி
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். காகிதம் வந்தது. சிவப்பு கேட்டிருந்தேன், வந்திருப்பது மெரூன். திருப்பி அனுப்பியாகிவிட்டது. மாற்று வர இன்னும் பத்து நாள், ஷீட்டில் பார்த்தேன், படம்பிடிப்புக்கு இன்னும் நான்கு நாள் மிச்சம் இருக்கிறது.